அத்தியாயம் 4: அக்டோபரிலிருந்து பின்னோக்கி

"விசா வர எத்தனை நாள் ஆகும்?" வெளிநாட்டுப் படிப்பு என்று பேச்செடுத்ததும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பெரம்பலூர், அரியலூர் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தூதரகத்தில் காலம் போவதில்லை. அதற்கு முன்பே, தாலுகா அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் கல்லூரி அலுவலகத்திலும் போய்விடுகிறது. அதனால் இந்த அத்தியாயத்தில் விசாவிலிருந்து தொடங்காமல், வகுப்பு தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி வருவோம். எந்தத் தாள் எந்தத் தாளுக்காகக் காத்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

எடுத்துக்காட்டாக ஜெர்மனியை எடுத்துக்கொள்கிறேன். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பதால் நம் பக்கத்து இன்ஜினியரிங் மாணவர்கள் அதிகம் விசாரிக்கும் நாடு அது. ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும் தாள்களும் அங்கேதான் அதிகம். செந்துறைப் பக்கத்து மாணவி ஒருவரை மனதில் வைத்துக்கொள்வோம். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் பி.இ. மின்னணுவியல் முடித்தவர். சென்னையில் ஓர் ஆண்டாக வேலை. அப்பா விவசாயி. ஆங்கில வழியில் எம்.எஸ்., அடுத்த ஆண்டு அக்டோபர் சேர்க்கை. இன்று இந்த ஆண்டு அக்டோபர் என்று வைத்தால் கையில் 12 மாதம் இருக்கிறது. தாராளம் போலத் தோன்றும். எண்ணிப் பார்ப்போம்.

ஜெர்மனியில் குளிர்காலப் பருவம் அக்டோபர் 1 அன்று தொடங்கும். செப்டம்பர் கடைசிக்குள் அவர் அங்கே இறங்கினால்தான் சேர்க்கைப் பதிவு, தங்குமிடம் எல்லாம் ஒழுங்காக நடக்கும். விசாவுக்கு நான் எப்போதும் 12 வாரம் ஒதுக்கச் சொல்வேன். பலருக்கு அதற்கு முன்பே வந்துவிடும், ஆனால் வரும் என்று நம்பித் திட்டம் போடக் கூடாது. அப்படியென்றால் விசா விண்ணப்பம் ஜூலை முதல் வாரத்தில் போய்ச் சேர வேண்டும். அதற்குச் சேர்க்கைக் கடிதம் ஜூனில் கையில் இருக்க வேண்டும்.

பலர் தடுக்கி விழும் முதல் கல் இங்கேதான் கிடக்கிறது. பல ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் கடைசித் தேதி ஜூலை 15. அதைப் பார்த்துவிட்டு "இன்னும் நாள் இருக்கு" என்று இருந்துவிடுகிறார்கள். ஜூலை 15 அன்று விண்ணப்பித்தால் கடிதம் ஆகஸ்டில் வரும். விசா கைக்கு வருவதற்குள் அங்கே வகுப்பு ஒரு மாதம் ஓடியிருக்கும். அந்தத் தேதி விசா தேவைப்படாத ஐரோப்பிய மாணவருக்குப் பொருந்தும், நமக்குப் பொருந்தாது. கடைசித் தேதி மார்ச் முதல் மே வரை உள்ள படிப்புகளை முதலில் பட்டியலிடுங்கள். ஜூலை 15 வரை வாங்குகிற பல்கலைக்கழகமாக இருந்தாலும் அதற்கும் மார்ச்சிலேயே அனுப்பிவிடுங்கள்.

பல பல்கலைக்கழகங்கள் யூனி-அசிஸ்ட் என்ற பொது அமைப்பின் வழியாகத்தான் விண்ணப்பம் வாங்குகின்றன. முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்து வரும் ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. அவர்கள் சரிபார்க்க நான்கிலிருந்து ஆறு வாரம் எடுப்பார்கள். கடைசித் தேதிக்கு எட்டு வாரம் முன்பே அனுப்பச் சொல்வதும் அவர்களே. ஏதாவது தாள் குறைந்தால் திருத்தி அனுப்ப அந்த இடைவெளி வேண்டும். ஆகவே மே 31 கடைசித் தேதியென்றால் மார்ச் இறுதியில் விண்ணப்பம் போயிருக்க வேண்டும்.

அந்த விண்ணப்பத்தோடு கேட்கப்படுவது ஏ.பி.எஸ். சான்றிதழ். நம் மதிப்பெண் பட்டியலும் பட்டமும் உண்மையானவைதானா என்று டெல்லியில் உள்ள அலுவலகம் சரிபார்த்துத் தருவது. 2022 நவம்பர் 1 முதல் இந்திய மாணவர்களுக்கு இது கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். சில வாரத்தில் வாங்கியவர்களும் உண்டு, மாதக்கணக்கில் காத்திருந்தவர்களும் உண்டு. மூன்று மாதம் ஒதுக்குங்கள். மார்ச்சில் கையில் வேண்டுமென்றால் டிசம்பரில் போக வேண்டும். ஏ.பி.எஸ்.ஸுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். ஆக, நவம்பர் முடிவதற்குள் பாஸ்போர்ட். நம் மாணவிக்கு 12 மாதம் இருப்பதாக நினைத்தோம். உண்மையில் முதல் கெடு ஆறேழு வாரத்தில் வந்து நிற்கிறது.

பாஸ்போர்ட்டில் தேதி தவறுவது பெரும்பாலும் முகவரியால்தான். பெரம்பலூர், அரியலூர் இரண்டுமே திருச்சி மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருபவை. நம் மாணவி சென்னையில் வேலை பார்த்துக்கொண்டே, ஆதாரில் இருக்கும் செந்துறை முகவரியைக் கொடுத்து விண்ணப்பிக்கிறார் என்று வையுங்கள். போலீஸ் விசாரணை ஊருக்கு வரும். வீட்டில் அம்மா இருப்பார். "பொண்ணு எங்கம்மா?" "மெட்ராஸ்ல வேலைக்குப் போயிருக்கு சார்." அவ்வளவுதான், அந்த முகவரியில் இல்லை என்று குறிப்பு போய்விடும், கோப்பு நின்றுவிடும். கடந்த ஓர் ஆண்டில் வேறு இடத்தில் தங்கியிருந்தால் அதையும் படிவம் கேட்கும். மறைத்தால் பிறகு சிக்கல். இதற்கு இரண்டே வழி. சென்னையில் வாடகை ஒப்பந்தம் போன்ற ஆதாரம் சரியாக இருந்தால் அந்த முகவரியிலேயே விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் விசாரணை வரும் நாளில் ஊரில் இருக்க விடுப்பு எடுத்துவிட்டு, அதற்கு ஏற்ற மாதிரி நேரம் குறிக்க வேண்டும். சாதாரண விண்ணப்பத்துக்கு 1,500 ரூபாய். தட்கலுக்கு மேலும் 2,000. தட்கலில் பாஸ்போர்ட் முதலில் வந்து விசாரணை பின்னால் வந்தாலும், முகவரிச் சிக்கல் அப்படியேதான் இருக்கும்.

பெயரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது தமிழ்நாட்டுக்கே உரிய தலைவலி. நம் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் பெயரும் முன்னெழுத்தும் மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த முன்னெழுத்தை விரித்து அப்பா பெயர் முழுதாக இருக்கும். இது மட்டும் என்றால் பயப்பட வேண்டாம், நோட்டரி முன் எழுதிய ஓர் உறுதிமொழிப் பத்திரம் பெரும்பாலும் போதும். உண்மையான சிக்கல் எழுத்துக்கூட்டலில். அப்பா பெயர் ஒரு தாளில் 'சாமி', இன்னொன்றில் 'ஸ்வாமி'. மாணவியின் பெயரிலேயே ஓர் 'எச்' ஒரு செமஸ்டர் பட்டியலில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பிழை என்றால் பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை போக வேண்டும், மாதக்கணக்காகும். ஆகவே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் முன்பே எல்லாத் தாளையும் வீட்டுத் தரையில் வரிசையாகப் பரப்பிவைத்து, பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பத்தாம் வகுப்புப் பட்டியலையே அடிப்படையாகக் கொள்ளுங்கள். மற்றவை எல்லாம் அதற்கு ஒத்துப் போகட்டும். ஒரு சாயங்கால வேலை இது. அக்டோபரில் தெரியவேண்டிய பிழை ஜூலையில் தெரிந்தால் ஓர் ஆண்டு போய்விடும்.

அதே சாயங்காலம் செமஸ்டர் பட்டியல்களையும் எண்ணிவிடுங்கள். எட்டு இருந்தால் மட்டும் போதாது. அரியர் எழுதிப் பாஸ் செய்த பட்டியல்கள் தனியாக இருக்கும், அவையும் வேண்டும். ஒன்று தொலைந்திருந்தால் அதுதான் இனி உங்கள் திட்டத்தின் மிக நீண்ட தாள். காவல் நிலையத்தில் சான்று வாங்கி, கல்லூரி வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்து நகல் வரவேண்டும். டிரான்ஸ்கிரிப்டும் கிண்டியில் உள்ள பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்துதான் வரும், கல்லூரி தராது. கலை அறிவியல் கல்லூரியில் படித்தவர்களுக்கு அது பெரும்பாலும் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம். ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் பாடத்திட்டத்தையும் கேட்பது உண்டு. அப்போது உங்கள் சேர்க்கை ஆண்டுக்கான ரெகுலேஷனின் பாடத்திட்டத்தையே எடுக்க வேண்டும். 2017 ரெகுலேஷனில் படித்தவர் 2021-ஐ அனுப்பினால் பாடப் பெயரும் கிரெடிட்டும் மதிப்பெண் பட்டியலோடு ஒட்டாது.

ஐ.இ.எல்.டி.எஸ். பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திருச்சியிலேயே எழுதலாம். மதிப்பெண் இரண்டு ஆண்டு செல்லும். பாஸ்போர்ட் வந்தபின் ஜனவரியில் எழுதினால், குறைந்தாலும் மார்ச்சுக்குள் இன்னொரு முறை எழுத இடம் இருக்கும்.

இனி பணம். நம் மாவட்டங்களில் அதிகம் பேர் இங்கேதான் தவறவிடுகிறார்கள் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

மாணவர் முதல் ஆண்டுச் செலவை முடக்கக் கணக்கு ஒன்றில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. அங்கே போனபின் மாதம் 992 யூரோ வீதம் திரும்ப வரும். யூரோ 100 ரூபாய் என்றால் இது 11,90,400 ரூபாய். விண்ணப்பிக்கும் ஆண்டில் தொகை கூடியிருக்கிறதா என்று கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள். இதைக் கல்விக் கடனாக எடுப்பது என்றால், பொதுத்துறை வங்கிகள் பின்பற்றும் மாதிரித் திட்டத்தில் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஈடு கேட்பார்கள்.

"நம்மகிட்டதான் நாலு ஏக்கர் இருக்கே" என்பார் அப்பா. அந்த நாலு ஏக்கரை வங்கி பெரும்பாலும் எடுக்காது. கடன் திரும்பாவிட்டால் வங்கி நேரடியாகச் சொத்தைக் கைப்பற்ற வழி செய்யும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதனால் வங்கி மேலாளர் வீட்டையோ மனையையோ கேட்பார். மக்காச்சோளமோ பருத்தியோ நன்றாக விளையும் நிலம் கையில் இருந்தும் ஈடுக்கு உதவாது என்பதை ஜூனில் போய்த் தெரிந்துகொள்ளும் குடும்பங்களைப் பார்த்து மனம் வருந்தியிருக்கிறேன். அக்டோபரிலேயே வங்கிக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்தச் சொத்தை ஈடாக எடுப்பீர்கள்?"

சரி, வீடு இருக்கிறது. வீடு யார் பெயரில்? பல வீடுகளில் பத்திரம் இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில். நம் மாணவியின் வீடும் அப்படித்தான் என்று வைப்போம். தாத்தாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வேண்டும். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை வழியாக விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரித்து வட்டாட்சியர் தருவார். தாத்தா உயில் எழுதாமல் இறந்திருந்தால் அப்பாவோடு அத்தைகளும் சம வாரிசு. அவர்கள் தங்கள் பங்கை அப்பாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிந்தால்தான் வீடு முழுதாக அப்பா பெயருக்கு வரும். ஜெயங்கொண்டத்தில் கட்டிக்கொடுத்த பெரிய அத்தையிடம் இதைச் சொல்லும்போது "படிப்புக்குன்னு சொல்லிட்டு வீட்ட எழுதி வாங்குறீங்களா?" என்று கேட்பார். கேட்பதில் தப்பும் இல்லை, அது அவருடைய பங்கு. அதைப் பேசித் தீர்க்கக் கால அவகாசம் வேண்டும், அவசரத்தில் கேட்டால் உறவும் கெடும். சித்தப்பா சிங்கப்பூரில் இருந்தால் அவர் அங்கே இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரத்தில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்டிவிட வேண்டும்.

பிறகு பட்டா மாறுதல். உட்பிரிவு தேவையில்லை என்றால் 15 நாள், தேவையென்றால் 30 நாள் என்பது விதி. அளக்க சர்வேயர் வரவேண்டியிருந்தால் இதை நம்பாமல் இரண்டு மாதம் வையுங்கள். நத்தத்தில் உள்ள வீட்டுக்கு நத்தம் பட்டா மட்டும் இருந்து பதிவுப் பத்திரம் இல்லையென்றால் வங்கி வழக்கறிஞர் தயங்குவார், அதையும் முன்பே காட்டிக் கேளுங்கள். அதன்பின் வில்லங்கச் சான்று, வங்கி வழக்கறிஞரின் கருத்து, மதிப்பீட்டாளர் வருகை.

இந்த வரிசை முழுதையும் கூட்டினால் ஐந்து மாதம் சுலபமாகப் போகும். கடன் அனுமதிக்குச் சேர்க்கைக் கடிதம் வேண்டும்தான். ஆனால் அத்தையின் கையெழுத்துக்கோ பட்டாவுக்கோ எந்தக் கடிதமும் வேண்டாம். "கடிதம் வரட்டும், அப்புறம் வங்கிக்குப் போவோம்" என்று காத்திருப்பவர்கள் இந்த ஐந்து மாதத்தையும் ஜூனில் தொடங்குகிறார்கள். நம் மாணவியின் அப்பா வாரிசுச் சான்றுக்கு நவம்பரில் விண்ணப்பித்தால் பொங்கலுக்கு அத்தைகள் வீட்டுக்கு வரும்போது பத்திரம் பதிந்துவிடலாம், மார்ச் இறுதியில் பட்டாவும் மாறிவிடும். ஜூனில் கடிதம் வந்ததும் அனுமதிக்கு மூன்று நான்கு வாரம் மட்டுமே மிச்சம். கடன் இல்லாமல் சொந்தப் பணத்தை அனுப்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு வங்கி டி.சி.எஸ். பிடிக்கும். வங்கியின் கல்விக் கடனாக இருந்தால் பிடிக்காது. பிடித்ததை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் அனுப்பும் நாளில் அந்தப் பணமும் கையில் இருக்க வேண்டும்.

சேர்க்கைக் கடிதமும் முடக்கக் கணக்கின் உறுதிச் சான்றும் வந்ததும் விசா. இப்போது விண்ணப்பம் முதலில் ஜெர்மன் வெளியுறவுத் துறையின் ஆன்லைன் தளத்தில் போகிறது. அங்கே தாள்களைப் பார்த்து, குறை இருந்தால் கேட்டு, சரியானபின்தான் நேரில் வர நேரம் தருகிறார்கள். நேரில் வருவது சென்னை வி.எஃப்.எஸ். மையத்துக்கு, விரல் ரேகைக்கும் அசல் தாள்களுக்கும். கட்டணம் 75 யூரோ. காலை நேரம் கிடைத்தால் முதல்நாளே போய்விடுங்கள். பெரம்பலூரில் ரயில் நிலையம் இல்லை. இரவுப் பேருந்தை நம்பி விழுப்புரத்தில் நின்றுவிட்டால் அந்த நேரம் போய்விடும்.

ஆன்லைன் சரிபார்ப்பில் அவசரப்பட வேண்டாம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. முன்பெல்லாம் விசா மறுக்கப்பட்டால் தூதரகத்துக்கே மறுபரிசீலனைக் கடிதம் எழுதலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வழி உலகம் முழுதும் எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது பெர்லின் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். ஜூலையில் ஒரு தாள் குறைந்து மறுக்கப்பட்டால் அக்டோபருக்குள் இரண்டாவது முறை விண்ணப்பித்து வாங்குவது நடைமுறையில் மிகக் கடினம்.

சில தாள்களை முன்கூட்டி வாங்கவே கூடாது. பயணக் காப்பீட்டுக்குத் தேதி குறிக்க வேண்டும், அதை விசா விண்ணப்ப வாரத்தில் எடுங்கள். விமான டிக்கெட் விசா வந்தபின். முடக்கக் கணக்குக்குச் சேர்க்கை உறுதியாகும் முன் பணம் அனுப்பினால், சேர்க்கை கிடைக்காதபோது திரும்ப எடுக்க அலைச்சலும் மாற்று விகித இழப்பும் வரும். அபோஸ்டில் முத்திரை குத்தித் தருகிறோம் என்று பணம் கேட்பவர்களிடம் ஜெர்மனிக்கென்றால் கொடுக்காதீர்கள். இந்தியாவின் அபோஸ்டிலை ஜெர்மனி ஏற்பதில்லை.

திட்டம் தப்புகிறதா என்று பார்க்க மூன்று தேதிகளை நாட்காட்டியில் சிவப்பில் வட்டமிடுங்கள். டிசம்பர் 15 அன்று ஏ.பி.எஸ். விண்ணப்பம் போயிருக்கிறதா? மார்ச் 31 அன்று யூனி-அசிஸ்ட் விண்ணப்பங்களும் பட்டா மாறுதலும் முடிந்தனவா? ஜூலை 10 அன்று விசா விண்ணப்பம் தளத்தில் ஏறிவிட்டதா? முதல் தேதி மூன்று வாரம் தள்ளினால், கடைசித் தேதி பிந்தைய படிப்புகளை மட்டும் வைத்துச் சமாளிக்கலாம். இரண்டாவது ஒரு மாதம் தள்ளினால் சொத்து ஈடில்லாத வழி, அல்லது உறவினர் உதவி உண்டா என்று அன்றே பேசியாக வேண்டும். மூன்றாவது தேதி ஆகஸ்டுக்குப் போய்விட்டால் பல்கலைக்கழகத்துக்கு உடனே எழுதி, எந்த நாள் வரை தாமதமாகச் சேரலாம் என்று கேளுங்கள். சில துறைகள் இரண்டு மூன்று வாரம் தருகின்றன. ஆனால் கிடைத்த இடத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்துவைப்பது அங்கே பொதுவாக இல்லை, மறுபடி விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். ஏப்ரலில் தொடங்கும் ஆங்கிலவழிப் படிப்புகளும் குறைவு. அந்த நிலையிலும் ஏ.பி.எஸ். சான்றிதழும் மாற்றிய பட்டாவும் வீணாவதில்லை. ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண் மட்டும் அடுத்த விண்ணப்ப நாளில் இரண்டு ஆண்டைத் தாண்டுகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.